பதினைந்து போர் கிணறுகளை வைத்து ஊரின் இடைநிலை ஆழத்துக்கு நம்பிக்கை இடைவெளி போடுவது எப்படி?

கேள்வி: காங்கேயம் பக்கம் எங்க ஊர்ல 15 தோட்டத்துல போர் எத்தனை அடில தண்ணி வந்துச்சுன்னு கேட்டு எழுதியிருக்கேன். ரெண்டு போர்ல (1000 அடி ஒண்ணு, 1200 அடி ஒண்ணு) தண்ணியே வரலீங்க, அதை விட்டுட்டேன். மீதி 13-க்கு இடைநிலை 610 அடி. இதுக்கு 95% நம்பிக்கை இடைவெளி போடணும். ஆழமெல்லாம் நார்மல் பரவல் மாதிரி இல்ல. t அட்டவணை போடலாமா, வேற வழி இருக்குதுங்களா?

முதலில் அந்த இரண்டு போர்களையும் பட்டியலில் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். தண்ணீர் வராத போரைத் தகவல் இல்லாத போர் என்று நினைத்து நீக்கிவிட்டீர்கள். ஆனால் அது ஒரு உறுதியான செய்தியைச் சொல்கிறது: அந்த இடத்தில் 1000 அடி வரை தண்ணீர் இல்லை, இன்னொரு இடத்தில் 1200 அடி வரை இல்லை. எத்தனை அடியில் வரும் என்பது மட்டும்தான் தெரியவில்லை. அவற்றை நீக்கியதால் உங்கள் பட்டியலில் ஆழமான பக்கம் மட்டும் ஆள் குறைந்துவிட்டது. இடைநிலையும் அதனால் மேலே ஏறி, குறைந்த ஆழத்துக்கு வந்துவிட்டது.

t அட்டவணை வேண்டாம். அது சராசரிக்கான வழி. சராசரி எடுக்க ஒவ்வொரு போருக்கும் ஓர் எண் வேண்டும். வறண்ட போருக்கு எந்த எண்ணைப் போடுவீர்கள்? 1000 என்று போட்டால் அங்கே 1000 அடியில் தண்ணீர் வந்தது என்று பொய் சொல்வதாகிவிடும். இடைநிலைக்கு அந்தச் சங்கடம் இல்லை. ஒரு போர் நடுவுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரிந்தால் போதும், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது தேவையில்லை. நான் 20 வருடத்துக்கு மேல் கல்லூரியில் புள்ளியியல் பாடம் எடுத்தவன். நிலத்தடி நீர் ஆய்வு செய்யும் மாணவர்கள் பலருக்குக் கணக்கில் கைகொடுத்திருக்கிறேன். பாறையைப் பற்றிச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை, எண்களைப் பற்றிச் சொல்ல முடியும். போர் ஆழம் மாதிரியான விவரத்துக்கு இடைநிலைதான் சரி என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

நீங்கள் அனுப்பிய பட்டியலை ஏறுவரிசையில் எழுதினால் இப்படி வருகிறது: 190, 260, 340, 410, 480, 540, 610, 660, 720, 760, 840, 920, 1080. இவற்றோடு வறண்டவை இரண்டு. ஒன்று '1000-க்கு மேல்', இன்னொன்று '1200-க்கு மேல்'. மொத்தம் 15 என்பதால் நடுவில் நிற்பது எட்டாவது. அது 660 அடி. நீங்கள் சொன்ன 610 அல்ல. '1000-க்கு மேல்' என்கிற போர் 1080-க்கு முன்னால் வருமா பின்னால் வருமா என்று தெரியாதுதான். ஆனால் கடைசி மூன்று இடங்களுக்குள் எப்படி மாறினாலும் முதல் 12 இடங்கள் அசையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி இடைவெளிக்கு வருவோம். உங்கள் ஊரில் போர் போடக்கூடிய எல்லா இடங்களையும் எடுத்துக்கொண்டால், அவற்றின் ஆழத்துக்கு ஒரு உண்மையான இடைநிலை இருக்கும். அது நமக்குத் தெரியாது. தெரியாவிட்டாலும் அதைப் பற்றி ஒரு விஷயம் நிச்சயம்: ஏதோ ஓர் இடத்தைக் குருட்டாம்போக்கில் எடுத்தால், அதன் ஆழம் அந்த இடைநிலைக்குக் கீழான எண்ணாக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இடைநிலை என்ற சொல்லுக்கே பொருள் அதுதான். பரவல் நார்மலாக இருந்தாலும் சரி, ஒரு பக்கம் வால் நீண்டிருந்தாலும் சரி, இது மாறாது. அப்படியானால் 15 போர்களைக் கேட்பது என்பது ஒரு ரூபாய் நாணயத்தை 15 முறை சுண்டுவதற்குச் சமம். ஆழம் இடைநிலையைவிடக் குறைவாக இருந்தால் தலை, அதிகமாக இருந்தால் பூ. எத்தனை தலை விழும் என்பதைத்தான் ஈருறுப்புப் பரவல் சொல்கிறது. பரவலின் வடிவத்தைப் பற்றி இந்த முறைக்குள் எந்த அனுமானமும் ஒளிந்திருக்கவில்லை. எனக்கு இது பிடிப்பதற்குக் காரணமே அதுதான்.

சரி, நாணயத்துக்கும் இடைவெளிக்கும் என்ன தொடர்பு? வரிசையில் நான்காவது மதிப்பைக் கீழ் எல்லையாகவும், பன்னிரண்டாவதை மேல் எல்லையாகவும் வைத்துக்கொள்வோம். இந்த இடைவெளி எப்போது தவறும்? உண்மையான இடைநிலை நான்காவது மதிப்பைவிடக் குறைவாக இருந்தால் தவறும். அப்படி இருந்தால் இடைநிலைக்குக் கீழே இருக்கக்கூடியவை அதிகபட்சம் முதல் மூன்று போர்கள்தான். அதாவது 15 சுண்டில் மூன்று தலையோ அதற்குக் குறைவோ விழுந்திருக்கிறது. மேல் பக்கமும் இதே கதைதான், அங்கே மூன்று பூவோ அதற்குக் குறைவோ. ஆகவே இடைவெளி தவறும் வாய்ப்பைக் கண்டுபிடிக்க, 15 முறை சுண்டினால் மூன்றுக்கு மேல் தலை விழாமல் போகும் வாய்ப்பைக் கணக்கிட்டு, அதை இரண்டால் பெருக்கினால் போதும்.

அதைக் கையாலேயே போட்டுவிடலாம். 15 முறை சுண்டினால் மொத்தம் 32768 விதமாக விழலாம் (2-ஐ 15 முறை பெருக்கினால் வருவது). தலையே விழாதது 1 விதம். ஒரு தலை 15 விதம். இரண்டு தலை 15 × 14 ÷ 2, அதாவது 105 விதம். மூன்று தலை 15 × 14 × 13 ÷ 6, அதாவது 455 விதம். கூட்டினால் 576. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 1152. அதை 32768-ஆல் வகுத்தால் 0.035. தவறும் வாய்ப்பு 3.5%, பிடிக்கும் வாய்ப்பு 96.5%. உங்கள் பட்டியலில் நான்காவது 410, பன்னிரண்டாவது 920. ஆக, ஊரின் இடைநிலை ஆழத்துக்கு 96.5% நம்பிக்கை இடைவெளி 410 அடி முதல் 920 அடி வரை.

வறண்ட இரண்டும் பன்னிரண்டாவது இடத்துக்குப் பின்னால் நிற்பதால், அவற்றின் உண்மையான ஆழம் தெரியாமலே கணக்கு முடிந்துவிட்டதைப் பாருங்கள். அவற்றை நீக்கிவிட்டு 13 போர்களை வைத்து இதே கணக்கைப் போட்டால், மூன்றாவதும் பதினொன்றாவதும் எல்லைகளாகி 340 முதல் 840 வரை வரும். நம்பிக்கை 97.8%. எண் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது எந்த ஊரின் இடைநிலை? தண்ணீர் வந்த போர்களை மட்டும் எண்ணும் ஊரின் இடைநிலை. போர் வண்டியைக் கூப்பிடப் போகிறவருக்கு அந்த எண் பயன்படாது. அவருக்குத் தண்ணீர் வருமா வராதா என்பதே இன்னும் தெரியாதே.

95% கேட்டீர்கள், 96.5% கொடுத்திருக்கிறேன். இது பலரைத் தொந்தரவு செய்யும். வரிசையில் இடங்கள் முழு எண்களில்தான் நகரும். நான்காவதில் இருந்து ஐந்தாவதுக்கு வந்தால் (ஐந்தாவதும் பதினொன்றாவதும், அதாவது 480 முதல் 840) நம்பிக்கை ஒரே தாவலாக 88.2%-க்கு இறங்கிவிடும். நடுவில் 95 என்று ஒரு படியே இல்லை. இரண்டு படிகளுக்கு நடுவே இடைக்கணித்து 95-க்குப் பக்கத்தில் கொண்டுவரும் வழிகள் உண்டு, சில மென்பொருள்கள் அதைச் செய்து 95% என்றே அச்சிடும். அவை தோராயமானவை. 15 போர்களுக்கு நான் அதைச் செய்ய மாட்டேன். 96.5% என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். உங்கள் ஆய்வு வழிகாட்டி ஏன் 95 இல்லை என்று கேட்டால், மேலே உள்ள 576-ஐக் காட்டுங்கள்.

ஒவ்வொரு முறையும் கையால் எண்ண வேண்டியதில்லை. எக்ஸெலில் இரண்டு வரி போதும். முதல் வரி கீழ் எல்லை வரிசையில் எத்தனையாவது என்று சொல்லும், இரண்டாவது உண்மையான நம்பிக்கை அளவைச் சொல்லும்.

```
=BINOM.INV(15, 0.5, 0.025)
=1-2*BINOM.DIST(3, 15, 0.5, TRUE)
```

முதல் வரிக்கு 4 என்று வரும். இரண்டாவது வரியில் அதைவிட ஒன்று குறைவான 3-ஐப் போட்டிருப்பதைக் கவனியுங்கள். மாணவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். 3-க்குப் பதில் 4-ஐப் போட்டால் 88% வந்து குழப்பும். மேல் எல்லையின் இடம் 15 + 1 − 4 = 12. கணினி இல்லாத இடத்தில் மனக்கணக்காகப் போட ஒரு சூத்திரம் உண்டு: (n + 1)/2 − 0.98√n என்று போட்டு, வரும் பின்னத்தை வெட்டிவிடுங்கள். 15-க்கு 8 − 3.8 = 4.2, ஆக 4. நூறு போர்களுக்கு 50.5 − 9.8 = 40.7, ஆக 40. அதாவது நாற்பதாவதும் அறுபத்தொன்றாவதும் எல்லைகள்.

இந்தச் சூத்திரத்துக்கோ எக்ஸெலுக்கோ விடை 0 என்று வந்தால், உங்களிடம் போதுமான போர்கள் இல்லை என்று பொருள். ஐந்து போர்கள் மட்டும் இருந்தால், ஆகக் குறைந்ததையும் ஆக அதிகமானதையும் எல்லையாக வைத்தால்கூட நம்பிக்கை 93.75%-தான். ஐந்தும் ஒரே பக்கம் விழும் வாய்ப்பு 32-ல் 2. 95-ஐத் தொடக் குறைந்தது ஆறு வேண்டும். ஆறுக்கு 96.9% வரும், ஆனால் அப்போது இடைவெளி என்பது பட்டியலின் முழு நீளமாகவே இருக்கும்.

இது புதிய முறை அல்ல. 1936-ல் டபிள்யூ. ஆர். தாம்சன் இதை எழுதினார். நம் நாட்டில் எஸ். ஆர். சவூர் 1937-ல் இதே யோசனையைக் கையாண்டார். 1940-ல் கே. ஆர். நாயர், எத்தனை மாதிரிக்கு எத்தனையாவது மதிப்பு என்று அட்டவணையே போட்டு, மகலனோபிஸ் நடத்திய 'சங்க்யா' இதழில் வெளியிட்டார். கணினி வரும் வரை பலர் கையில் இருந்தது அந்த மாதிரி அட்டவணைகள்தான். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் வழிகாட்டி 'இது என்ன புதுசா இருக்கு' என்று கேட்டால், t அட்டவணையைப் போலவே இதுவும் வேரூன்றிய முறை என்று சொல்லலாம்.

வறண்ட போர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்த ஊரில் நிலைமை இவ்வளவு வசதியாக இருக்காது. உங்கள் இரண்டு போர்களும் 920-ஐத் தாண்டி ஓட்டப்பட்டவை. ஒருவர் கையில் காசு தீர்ந்துபோய் 700 அடியிலேயே நிறுத்தியிருந்தால்? அவர் போர் '700-க்கு மேல்'. அங்கே உண்மையில் 750-ல் தண்ணீர் இருந்திருக்கலாம், 1500-ல் இருந்திருக்கலாம். நான் செய்வது, அதையும் வரிசையின் கடைசியிலேயே வைப்பது. உண்மையில் அது 750 என்றால், மேல் எல்லை நான் சொன்னதைவிடச் சற்றுக் குறைந்திருக்கும், அவ்வளவுதான். ஆக நான் சொல்லும் மேல் எல்லை உண்மையான பன்னிரண்டாவது மதிப்புக்குச் சமமாகவோ அதற்கு மேலோதான் இருக்கும், நம்பிக்கை 96.5-க்குக் கீழே போகாது. கீழ் எல்லைக்கும் ஆபத்தில்லை, 700 என்பது 410-ஐவிடப் பெரிது. ஆனால் ஒருவர் 300 அடியில் நிறுத்தியிருந்தால் கவனம் வேண்டும். அவரைக் கடைசியில் வைத்தால் கீழ் எல்லையும் கூடிவிடலாம், அது ஆபத்தான பக்கம். அப்போது கீழ் எல்லை காண அவரை 300-லேயே வைத்தும், மேல் எல்லை காண அவரைக் கடைசியில் வைத்தும் தனித்தனியாகப் பார்த்து, முதலாவதில் இருந்து கீழ் எல்லையையும் இரண்டாவதில் இருந்து மேல் எல்லையையும் எடுத்துக்கொள்ளுங்கள். வறண்டவை நான்கு ஆகிவிட்டால், பன்னிரண்டாவது இடத்திலேயே ஒரு வறண்ட போர் வந்து நிற்கும். அந்த நிலையில் மேல் எல்லை கிடையாது என்றுதான் எழுத வேண்டும். '410 அடியும் அதற்கு மேலும்' என்று எழுதுவது தோல்வி அல்ல, அந்த ஊரில் தெரிந்தது அவ்வளவுதான்.

ஒரே ஆழம் இரண்டு முறை வந்தால் பயப்பட வேண்டாம். நம்மவர்கள் ஆழத்தைப் பத்து, ஐம்பது என்று முழுமைப்படுத்தித்தான் சொல்வார்கள், அதனால் 600, 600 என்று வருவது சகஜம். இரண்டையும் தனித்தனி இடமாக எண்ணுங்கள். எல்லை எண்களையும் இடைவெளிக்குள் சேர்த்துக்கொண்டால் நம்பிக்கை குறையாது, கூடத்தான் செய்யும்.

இதுவரை சொன்னது கணக்கு. கணக்கில் எனக்கு ஐயமில்லை. இனி சொல்வது பட்டியலைப் பற்றி. அங்கேதான் உண்மையான ஆபத்து. 'எத்தனை அடில தண்ணி வந்துச்சு' என்று கேட்டிருக்கிறீர்கள். நம் பக்கத்தில் இந்தக் கேள்விக்குப் பதிலாக வருவது பெரும்பாலும் போர் மொத்தம் எத்தனை அடி என்பதுதான். காசு கொடுத்தது மொத்த அடிக்கு, மனதில் நிற்பதும் அதுதான். தண்ணீர் 560-ல் பட்டிருக்கும், இன்னும் கொஞ்சம் கிடைக்கட்டும் என்று 700 வரை ஓட்டியிருப்பார்கள், கேட்டால் '700 அடிங்க' என்பார்கள். ஒருமுறை ஒரு மாணவிக்கு உதவியபோது நானே இதில் மாட்டினேன். ஒரு போர் வண்டிக்காரரின் கணக்கு நோட்டில் இருந்து 40 எண்களை எடுத்து, இடைநிலைக்கு இடைவெளியும் போட்டுக் கொடுத்துவிட்டேன். அப்புறம் அந்த மாணவி தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது, நோட்டில் இருந்தது முழுக்க ஓட்டிய அடி, தண்ணீர் பட்ட அடி அல்ல. கணக்கில் ஒரு பிழையும் இல்லை, ஆனால் அது பதில் சொன்னது வேறொரு கேள்விக்கு. அன்றிலிருந்து ஒவ்வொரு போருக்கும் மூன்று எண்களைத் தனித்தனியாகக் கேட்கச் சொல்கிறேன்: முதலில் ஈர மண் வந்தது எங்கே, தண்ணீர் பீய்ச்சியது எங்கே, வண்டியை நிறுத்தியது எங்கே. பெரியவர்களிடம் இப்படிக் கேட்டால், 'முதல்ல வெறும் பொகைதான் கண்ணு, நானூத்தம்பதுக்கு மேலதான் சேறு வந்துச்சு' என்று நினைவுபடுத்திச் சொல்வார்கள். அந்த எண்தான் நமக்கு வேண்டும். எவ்வளவு வந்தால் 'தண்ணீர் வந்தது' என்று எடுத்துக்கொள்வது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். அரை இஞ்சுத் தண்ணீரை ஒருவர் தண்ணீர் என்பார், இன்னொருவர் போர் பெயில் என்பார்.

இரண்டாவது, 15 சுண்டுகளும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இருக்க வேண்டும். முறையின் ஒரே பெரிய நிபந்தனை இதுதான். நம் பகுதி கெட்டிப்பாறை பூமி. மேலே உளுத்த பாறை, அதற்குக் கீழே வெடிப்புகளில் மட்டும் தண்ணீர். ஒரே வெடிப்பின் மேல் உட்கார்ந்திருக்கும் மூன்று போர்கள் ஒரே மாதிரி ஆழம் காட்டும். ஒரே தோட்டத்தில் முதல் போர் வற்றி, இரண்டாவது போட்டு, அதுவும் போய் மூன்றாவது போட்டவர் இருப்பார். அவருடைய மூன்றையும் பட்டியலில் சேர்த்தால் அது மூன்று தனித் தகவல் அல்ல. உங்கள் 15-ம் உண்மையில் ஐந்து தோட்டத்தில் மும்மூன்று என்றால், மேலே சொன்ன 96.5% நிற்காது. கிட்டத்தட்ட ஐந்து போர்களின் தகவல்தான் கையில் இருக்கிறது, ஐந்துக்கு 95% இடைவெளியே கிடையாது என்று பார்த்தோம். நீங்கள் 15 தோட்டம் என்று எழுதியிருப்பதால் இதில் தப்பித்தீர்கள். ஆனாலும் அந்த 15-ஐ எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று யோசியுங்கள். ரோட்டோரம் இருந்தவர்களா, சொந்தக்காரர்களா, டீக்கடையில் கிடைத்தவர்களா? ஊரில் போர் வைத்திருப்பவர்களின் முழுப் பட்டியலை எழுதி, சீட்டுக் குலுக்கி எடுத்திருந்தால் இந்தக் கணக்கை நெஞ்சில் கைவைத்துச் சொல்லலாம். இல்லையென்றால் 96.5% என்ற எண்ணுக்குப் பின்னால் 'இந்த 15 பேரும் ஊருக்கு மாதிரி என்று எடுத்துக்கொண்டால்' என்ற வரியைக் கட்டாயம் சேர்த்து எழுதுங்கள். இன்னொன்று, போட்ட வருடம். வடகிழக்குப் பருவமழை பொய்த்த 2016-ஐ அடுத்துப் போட்ட போரும், நல்ல மழைக்கு அப்புறம் போட்ட போரும் ஒரே தொகுதியைச் சேர்ந்தவையா என்று நான் சந்தேகப்படுவேன். வருடத்தையும் ஒரு பத்தியாகப் பட்டியலில் சேருங்கள்.

இடைவெளியைப் படிக்கும் விதத்தில் ஒரு தவறு மிகச் சகஜம், உங்கள் ஊரில் இதைச் சொல்லும்போது நிச்சயம் வரும். '410-ல் இருந்து 920-க்குள்ள நூத்துக்கு 96 போர்ல தண்ணி வந்துரும்' என்று கேட்பவர் புரிந்துகொள்வார். அது தவறு. இந்த இடைவெளி நடுப்புள்ளி எங்கே என்பதைப் பற்றி மட்டுமே பேசுகிறது. அடுத்து ஒருவர் தேங்காய் வைத்துப் பார்த்தோ, மெஷின் வைத்துப் பார்த்தோ புதிதாகப் போடும் போர், 15-ம் எப்படி வந்தனவோ அப்படியே வருகிறது என்று வைத்துக்கொண்டால், அது 410-க்கும் 920-க்கும் நடுவே விழ வாய்ப்பு எவ்வளவு தெரியுமா? சரியாகப் பாதி. காரணம் எளிது. 15 போர்கள் வரிசையில் 16 இடைவெளிகளை உண்டாக்குகின்றன, முதலாவதுக்கு முன்னால் ஒன்று, கடைசிக்குப் பின்னால் ஒன்று உட்பட. புதியது எந்த இடைவெளியிலும் விழச் சம வாய்ப்பு. நான்காவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் நடுவே 8 இடைவெளிகள். 16-ல் 8. ஒரே இரண்டு எண்கள்தான், இடைநிலைக்கு 96.5%, புதிய போருக்கு 50%. எந்தக் கேள்விக்குப் பதில் என்பதைச் சொல்லாமல் இந்த எண்களை வெளியே விட்டால், ஒரு குடும்பம் 920 அடிக்கு மட்டும் பணத்தைத் தயார் செய்துவிட்டு நடுவில் நிற்கும்.

அகலம் 510 அடி என்பது உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். அதைச் சுருக்க ஒரே வழி அதிகப் போர்களைக் கேட்பது. சுருங்கும் வேகம் வர்க்கமூலத்தில் போகும், ஆக அகலத்தைப் பாதியாக்க ஏறக்குறைய நான்கு மடங்கு, அறுபது போர்கள் வேண்டும். தோட்டங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை நினைத்தால் இது சுலபமில்லை என்று தெரியும். ஒரு ஊரை விட்டு நான்கு ஊர்களைச் சேர்த்து அறுபது ஆக்கலாமே என்று தோன்றும். அப்போது விடை நான்கு ஊருக்குமான ஒரே இடைநிலை, உங்கள் ஊருடையது அல்ல.

கடைசியாக ஒன்று. போர் போடப் போகிறவர்களுக்குப் பயன்பட வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால், இடைநிலையைவிட 'நான்கில் மூன்று போர்களுக்குத் தண்ணீர் கிடைத்துவிடும் ஆழம்' அதிகம் உதவும். அதற்கும் இதே முறைதான், 0.5-க்குப் பதில் 0.75 என்று போட வேண்டும், நாணயம் ஒரு பக்கம் சாய்ந்த நாணயமாகிவிடும். உங்கள் பட்டியலுக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஆழத்துக்கு 95% உறுதியோடு ஒரு மேல் எல்லை சொல்ல வேண்டுமானால் பதினைந்தாவது மதிப்பு தேவைப்படுகிறது. பதினான்காவதை எடுத்தால் உறுதி 92%-தான். பதினைந்தாவது இடத்தில் நிற்பது வறண்ட போர். ஆகவே 15 போர்களை வைத்து அதற்கு மேல் எல்லை சொல்ல முடியாது. இடைநிலையை மட்டும் இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: '15 போர்களில் (தண்ணீர் வராதவை 2 உட்பட) தண்ணீர் பட்ட ஆழத்தின் இடைநிலை 660 அடி. ஈருறுப்புப் பரவல் வழி 96.5% நம்பிக்கை இடைவெளி 410 முதல் 920 அடி.' அதற்கு முன்னால் அந்த 13 பேரிடமும் இன்னொரு முறை போய், சொன்ன அடி தண்ணீர் பட்ட அடியா, வண்டியை நிறுத்திய அடியா என்று கேட்டுவிடுங்கள். எண்கள் மாறினால் பட்டியலை இங்கேயே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.